வாசலில் பறக்கும் 5ஜி வீட்டுக்குள் ஏன் படுக்கிறது? மில்லிமீட்டர் அலையா, மிட்பேண்டா என்று அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சிகாகோவில் நான் பார்ப்பது ரேடியோ அளவீட்டு வேலை. நாலைந்து போன்களையும் ஒரு ஸ்கேனரையும் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடப்பேன். எந்த டவரின் சிக்னல் எந்த மூலையில் எவ்வளவு கிடைக்கிறது என்று பதிந்துகொண்டு வருவேன். 2019 ஏப்ரலில் வெரைசன் நிறுவனம் இந்த ஊரிலும் மினியாபொலிசிலும் மில்லிமீட்டர் அலை என்கிற மிக உயர்ந்த அதிர்வெண் 5ஜியைப் போனுக்குக் கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் சி-பேண்ட் என்கிற நடுத்தர அதிர்வெண் மிட்பேண்டும் ஓடத் தொடங்கியது. இன்றைக்கு நகரத்தின் நடுப்பகுதியில் இரண்டும் ஒரே தெருவில், சில இடங்களில் ஒரே கம்பத்தில் இருக்கின்றன.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் யார் வீட்டுக்குப் போனாலும், காபி வருவதற்கு முன்பே 5ஜி பற்றிய புகார் வந்துவிடும். புகார்கள் பெரும்பாலும் ஐந்தாறு வகைதான். சிக்கல் என்னவென்றால், போனின் மேல்மூலையில் இரண்டு அலைக்கும் கிட்டத்தட்ட ஒரே அடையாளம்தான் தெரியும். ஆனால் ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது. அதனால் முதலில் எந்த அலையில் இருக்கிறோம் என்று பார்த்துவிடுவோம்.

முதல் வேலை: எந்த அலை என்று கண்டுபிடிப்பது

வைஃபையை அணைத்துவிடுங்கள். பிறகு போன் பேசுகிற இடத்தில் இதை அடியுங்கள். முதல் வரி ஐபோனுக்கு, அடித்த பிறகு அழைப்புப் பொத்தானையும் தொட வேண்டும். இரண்டாவது ஆண்ட்ராய்டுக்கு.

```
*3001#12345#*
*#*#4636#*#*
```

சில ஆண்ட்ராய்டு போன்களில் இந்தத் திரையை அடைத்து வைத்திருப்பார்கள். அப்போது செல் விவரம் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். திரையில் 5ஜி தொடர்பான பகுதியில் `NR-ARFCN` அல்லது வெறும் `ARFCN` என்று ஓர் எண் இருக்கும். அதன் இலக்கங்களை எண்ணுங்கள். ஏழு இலக்கம், 20 லட்சத்துக்கு மேல் என்றால் அது மில்லிமீட்டர் அலை. ஆறு இலக்கமாக இருந்து 5 அல்லது 6-ல் தொடங்கினால் மிட்பேண்ட். 1-ல் தொடங்கினால் 600, 700, 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் அலைகள். சில போன்கள் நேரடியாக பேண்டின் பெயரையே காட்டும். `n258`, `n260`, `n261` மூன்றும் மில்லிமீட்டர் அலை. `n41`, `n77`, `n78` மூன்றும் மிட்பேண்ட்.

இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. போன் சும்மா இருக்கும்போது 5ஜி இணைப்பை விட்டுவிட்டு 4ஜியில் உட்கார்ந்திருக்கும். அப்போதும் மேலே 5ஜி அடையாளம் தெரியும். அதனால் ஒரு பெரிய கோப்பை இறக்கவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தத் திரையைப் பாருங்கள். சும்மா இருக்கிற போனில் பார்த்துவிட்டு "எனக்கு மில்லிமீட்டர் அலையே வருவதில்லை" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர்.

இன்னும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். `SS-RSRP` என்பது சிக்னலின் பலம். மைனஸ் 80-க்குப் பக்கத்தில் இருந்தால் நன்று, மைனஸ் 100 சுமார், மைனஸ் 110-ஐத் தாண்டினால் தடுமாறும். `SS-SINR` என்பது இரைச்சலை விடச் சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது. 20-க்கு மேல் நன்று, 5-க்குக் கீழே மோசம்.

அறிகுறி: வாசலில் 2 கிகாபிட், கதவைத் தாண்டினால் போச்சு

வெளியே நிற்கும்போது ஏழு இலக்கம், உள்ளே வந்ததும் ஆறு இலக்கம் என்றால் பழுது எதுவும் இல்லை. மில்லிமீட்டர் அலை வெளியிலேயே நின்றுவிட்டது, போன் மிட்பேண்டுக்கு மாறிக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் அது எதில் முட்டி நின்றது என்று தெரிந்தால் சில வீடுகளில் உள்ளே கொண்டுவரவும் முடியும்.

டெசிபல் கணக்கு கொஞ்சம் தேவைப்படும். 3 டெசிபல் இழந்தால் சிக்னல் பாதியாகிறது. 10 இழந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 இழந்தால் நூறில் ஒரு பங்கு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே ஓடும் மில்லிமீட்டர் அலையில் முக்கியமானது 28 கிகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஒரு சென்டிமீட்டரை விடச் சற்றே அதிகம். மிட்பேண்ட் 3.7 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 8 சென்டிமீட்டர். ஒரே தூரத்தில், வெட்டவெளியில், 28-ன் சிக்னல் சுமார் 18 டெசிபல் குறைவாக வந்து சேரும். தூரம் போகாது என்று எல்லோரும் சொல்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் இந்த 18-ஐ ஈடுகட்ட வழி இருக்கிறது. அலை சின்னது, ஆகவே ஆன்டெனாவும் சின்னது. கம்பத்தில் இருக்கிற பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் அடுக்கி, டார்ச் விளக்கு அடிப்பதுபோல ஒரே திசையில் குவித்து அனுப்புகிறார்கள். ஆஸ்திரேலியாவின் என்பிஎன் நிறுவனம் 2021-ல் வீட்டுக்கு வெளியே பொருத்திய பெட்டிக்கு 7.3 கிலோமீட்டர் தூரம் மில்லிமீட்டர் அலை 5ஜியை அனுப்பிக் காட்டியது. நடுவில் எதுவும் மறைக்காமல் இருந்தால் போகும். சிகாகோ தெருவில் ஒரு கம்பத்துக்கு 150, 200 மீட்டருக்கு மேல் நான் நம்புவதில்லை. காரணம் தூரம் இல்லை. அந்த 200 மீட்டருக்குள் லாரி, மரம், கட்டட மூலை என்று ஏதாவது வந்துவிடும்.

சுவருக்கு வருவோம். நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 28 கிகாஹெர்ட்ஸில் அளந்து பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். சாதாரணக் கண்ணாடியில் இழப்பு 4 டெசிபலுக்குள் இருந்தது. செங்கல் தூணில் 28. வெளிப்புறக் கட்டடங்களில் போடுகிற நிறமேற்றிய கண்ணாடியில் 40. கடைசி எண்ணைத் திரும்பவும் பாருங்கள். செங்கல்லை விடக் கண்ணாடி அதிகம் தடுக்கிறது! குளிர் நாடுகளில் வீட்டுச் சூடு வெளியே போகாமலிருக்க, கண்ணாடியின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு பூசுகிறார்கள். ரேடியோ அலைக்கு அது கண்ணாடி இல்லை, தகரம்.

மிட்பேண்டும் இந்தப் பூச்சிடம் தப்பாது. செல்போன் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 5ஜிக்காக வெளியிட்ட அலைப்பரவல் மாதிரியில் இதற்கெல்லாம் சூத்திரம் இருக்கிறது. 3.7 கிகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் சாதாரணக் கண்ணாடிக்கு 3, கான்கிரீட் சுவருக்கு 20, பூச்சுக் கண்ணாடிக்கு 24 டெசிபல் வருகிறது. அதே மாதிரியில் 28-க்குப் போட்டால் சாதாரணக் கண்ணாடி 8, பூச்சுக் கண்ணாடி 31, கான்கிரீட் 117. நூற்றுப்பதினேழு டெசிபல் என்றால், அந்தச் சுவரின் மறுபக்கம் எதுவும் இல்லை என்று பொருள். ஆக, கான்கிரீட் சுவரில் மிட்பேண்ட் தளர்ந்துபோய் நுழையும், மில்லிமீட்டர் அலை நுழையவே நுழையாது. பூச்சுக் கண்ணாடி ஜன்னலில் இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே அடி வாங்கும்.

உங்கள் ஜன்னலில் பூச்சு இருக்கிறதா என்று பார்க்க இரவில் போன் டார்ச்சைக் கண்ணாடிக்கு அருகே பிடித்து, சற்றே சாய்வாகப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடி என்றால் நான்கு பிம்பங்கள் வரிசையாகத் தெரியும். அதில் ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ நிறம் மாறியிருந்தால் பூச்சு உண்டு. இதைவிட நேரான சோதனை, ஜன்னலைத் திறப்பதுதான். போனை ஜன்னல் திண்டில் அசையாமல் வைத்து `SS-RSRP`-யைக் குறியுங்கள். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள். 5 டெசிபல் ஏறினால் அது சாதாரணக் கண்ணாடி. 25 ஏறினால் பூச்சு. எதுவும் ஏறவில்லை என்றால் அந்த ஜன்னல் கம்பத்தைப் பார்க்கவே இல்லை, வேறு ஜன்னலுக்குப் போங்கள்.

கொசுவலையையும் மறக்காதீர்கள். அலுமினிய வலையின் கண் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். அதுவும் சிக்னலைத் திருப்பி அனுப்பும். விரலால் லேசாக அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றால் அது அலுமினியம், திரும்ப நிமிர்ந்தால் ஃபைபர். ஃபைபர் வலை தொந்தரவு செய்யாது. அலுமினிய வலையைக் கழற்றி வைத்ததிலேயே சரியான வீடு ஒன்றை எனக்குத் தெரியும்.

அறிகுறி: குளிர்காலம் முழுக்க நன்றாக இருந்தது, மே மாதத்தில் கெட்டுப்போனது

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மதுரைக்கார அக்கா ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். இரண்டாம் மாடி, பழைய செங்கல் கட்டடம், தெருவைப் பார்த்து மூன்று ஜன்னல்கள். வீட்டு இணையத்துக்கு 28 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் பெட்டியை ஜனவரியில் ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மே கடைசியில் அக்கா போன் செய்தார்.

"தம்பி, டப்பா செத்துக்கிட்டே வருது. மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். கஸ்டமர் கேர்ல புது டப்பா அனுப்புறேங்கிறான். நீ ஒரு எட்டு வந்து பாக்குறியா?"

போய் முதலில் கேட்டது, எப்போதிலிருந்து என்று. "ஒரு நாள்ல போகல. கொஞ்சம் கொஞ்சமா" என்றார். பெட்டி பழுதாகிறதென்றால் பெரும்பாலும் ஒரே நாளில் நிற்கும், இல்லையென்றால் சூடாகும்போது மட்டும் நிற்கும். இரண்டு வாரமாகத் தேய்ந்துகொண்டே வருவது வேறு கதை.

பெட்டியின் செயலியில் `SS-RSRP` மைனஸ் 103 என்று இருந்தது. ஜனவரியில் பொருத்தும்போது அக்காவின் மகன் எடுத்து வைத்திருந்த படத்தில் மைனஸ் 84. பத்தொன்பது டெசிபல் காணாமல் போயிருக்கிறது. அந்த எண்ணையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற இடத்தில் நிற்கவில்லை. மைனஸ் 99-க்கு ஏறும், 106-க்கு இறங்கும், மறுபடி ஏறும். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் நடைபாதையில் பெரிய மேப்பிள் மரம். காற்று அடிக்கும்போதெல்லாம் கிளை ஆடுகிறது, கிளையோடு சேர்ந்து எண்ணும் ஆடுகிறது.

ஜனவரியில் அந்த மரம் மொட்டைக் குச்சிகளாக நின்றிருக்கும். பெட்டி வைத்த ஆளுக்கு அதன் வழியாகக் கம்பம் தெளிவாகத் தெரிந்திருக்கும். சிகாகோவில் மே மாதத்தில் இலை விட்டுவிடும். நீர் நிறைந்த இலை ஒவ்வொன்றும் 28 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு சின்னச் சுவர். ஐடியு என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பழைய சூத்திரப்படி 10 மீட்டர் ஆழத்துக்கு இலையடர்த்தி இருந்தால் 28-ல் சுமார் 17 டெசிபல், 3.7-ல் 9 டெசிபல் போகும். அக்கா வீட்டில் காணாமல் போன 19-க்கு அது ஏறக்குறையப் பொருந்துகிறது.

ஆகவே புதுப் பெட்டி வந்தாலும் இதே கதைதான். வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

பிறகு செய்தது இதுதான். நீளமான மின்கம்பி ஒன்றை எடுத்துப் பெட்டியை ஜன்னல் ஜன்னலாக நகர்த்தினோம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் நிறுத்தி, நடுவாந்திர எண்ணைத் திண்டில் பென்சிலால் எழுதினோம். நடு ஜன்னல்: மைனஸ் 103. இடது ஜன்னல்: மைனஸ் 101. வலது ஜன்னலில் தூணை ஒட்டி வைத்தபோது மைனஸ் 97. அந்த இடத்திலிருந்து பார்த்தால் மரத்தின் ஓரமும் எதிர்க் கட்டடத்தின் பெரிய கண்ணாடி முகப்பும் தெரியும், கம்பம் தெரியாது. ஒரு யோசனை வந்து, பெட்டியின் முகத்தைக் கம்பத்தின் பக்கமிருந்து விலக்கி, அந்தக் கண்ணாடி முகப்பைப் பார்க்கிற மாதிரி திருப்பினேன். மைனஸ் 89. காற்று அடித்தது, கிளை ஆடியது, எண் அசையவில்லை.

பூச்சுக் கண்ணாடி அலையை உள்ளே விடாது என்று மேலே சொன்னேன் இல்லையா? உள்ளே விடாததை அது வெளியே திருப்பியடிக்கிறது. எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பிய சிக்னல், மரத்தைச் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தது. மில்லிமீட்டர் அலையில் நேர்க்கோட்டை விட இப்படிப்பட்ட ஒரு மறுவழி சில இடங்களில் நன்றாக இருக்கும், தேடினால்தான் கிடைக்கும். பெட்டியைத் திருப்பும்போது ஒரு தடவைக்குப் பத்து டிகிரிக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பிய பிறகு அது புதுக் கற்றையைப் பிடிக்க சில நொடிகள் கொடுங்கள். அவசரப்பட்டுச் சுற்றினால் நல்ல இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

அன்று மாலை ஸ்பீட் டெஸ்டில் 900 மெகாபிட் வந்தது. ஜனவரியில் இருந்த 1,400 திரும்பவில்லை, அதை அக்காவும் கேட்கவில்லை. திருப்பிப் பார்க்க எதிரே எதுவும் இல்லாத வீடாக இருந்தால் நான் மிட்பேண்டுக்கு மாறச் சொல்லியிருப்பேன். கோடையில் 300 மெகாபிட் நிலையாக வருவது, 1,400-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் ஊசலாடுவதை விட மேல்.

அறிகுறி: நின்ற இடத்திலேயே திரும்பினால் வேகம் விழுகிறது

ஏழு இலக்கம் தெரியும்போது மட்டும் இது நடந்தால், தடுப்பது நீங்களேதான். 28 கிகாஹெர்ட்ஸில் ஒரு மனித உடம்பு 20 டெசிபலுக்கு மேல் மறைக்கும். கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் அதுவே போதும். கையும் அப்படித்தான். போனில் மில்லிமீட்டர் அலைக்கென்று இரண்டு மூன்று சின்ன ஆன்டெனாத் தொகுதிகள் மட்டும், ஓரங்களிலும் பின்புறமும் இருக்கும். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 12-ன் வலது விளிம்பில் நீள்வட்டமாக ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் தெரியும், அது இதற்காக வைத்ததுதான். கிடைமட்டமாகப் பிடித்து விளையாடும்போது உள்ளங்கை அதை மூடிவிடும்.

போனை உயரமான ஒரு மேஜையில் நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று ஸ்பீட் டெஸ்ட் ஓடவிடுங்கள். வேகம் திரும்பி வந்தால் காரணம் உங்கள் கைதான். வராவிட்டால் உறையைக் கழற்றிப் பாருங்கள். காரில் ஒட்டுவதற்காக உறைக்குள் இரும்புத் தகடு வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துவிட வேண்டும். மிட்பேண்டில் உடம்பால் இந்த அளவு வித்தியாசம் வராது. ஆறு இலக்கத்தில் திரும்பினால் வேகம் பாதியாகிறது என்றால், சிக்னல் ஏற்கெனவே விளிம்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

அறிகுறி: கோடுகள் நிறைய, மாலையில் மட்டும் நத்தை வேகம்

இது மிட்பேண்டுக்கே உரிய நோய். நன்றாகத் தூரம் போகிறது, சுவரிலும் ஓரளவு நுழைகிறது என்கிற அதே குணம்தான் இதற்குக் காரணம். மில்லிமீட்டர் அலைக் கம்பம் ஒன்று பாதித் தெருவைத்தான் பார்க்கும். மிட்பேண்ட் டவரின் ஒரு பக்கம் பல தெருக்களை, எல்லா மாடிகளையும் சேர்த்துப் பார்க்கும். அவர்கள் அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள கேரியர் எனப்படும் ஓர் அலைவரிசைத் துண்டில் அதிகபட்சம் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம். மில்லிமீட்டர் அலையில் ஒரே கேரியர் 400 வரை போகலாம், அதையும் பல சேர்த்து ஓட்டுகிறார்கள். வேகத்தில் இவ்வளவு வித்தியாசம் வருவது இந்த அகலத்தால்தான். அலை உயர்வாக இருப்பதால் தானாக வேகம் வந்துவிடுவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வேளை வேண்டும். காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் போனை ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்த்து வைத்து மூன்று எண்களைக் குறியுங்கள்: பலம், தெளிவு, வேகம். இரவில் பலம் அப்படியே மைனஸ் 85-ல் இருக்கிறது, தெளிவு லேசாகக் குறைந்திருக்கிறது, வேகம் மட்டும் 500-லிருந்து 60-க்கு விழுந்திருக்கிறது என்றால் அது நெரிசல். ஜன்னலுக்கு நகர்த்துவது, பெட்டியை மாற்றுவது எதுவும் உதவாது. வீட்டு இணையத் திட்டங்கள் பலவற்றில், நெரிசல் வந்தால் போன் வாடிக்கையாளருக்கு முதலிடம், வீட்டுப் பெட்டிக்கு அடுத்த இடம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பலம் நன்றாக இருந்து, தெளிவு எந்த வேளையிலும் 5-க்குக் கீழே இருந்தால் காரணம் வேறு. இரண்டு டவர்களுக்கு நடுவில் இருக்கிறீர்கள், ஒன்றின் சத்தம் மற்றதைக் கெடுக்கிறது. இதற்குப் பெட்டியை நகர்த்துவது உதவும். ஆனால் பலம் அதிகமாகிற இடத்தைத் தேடாதீர்கள். ஒரு டவர் நன்றாகத் தெரிந்து, மற்றது சுவருக்குப் பின்னால் மறைகிற இடத்தைத் தேடுங்கள். பலம் 6 டெசிபல் குறைந்து, தெளிவு 10 ஏறினால் லாபம்தான்.

அறிகுறி: மழை வந்தால் போய்விடுகிறது

மழையை எல்லோரும் வேகமாகக் குற்றம் சொல்லிவிடுகிறார்கள். மணிக்கு 50 மில்லிமீட்டர் கொட்டுகிற கனமழையில் 28 கிகாஹெர்ட்ஸ் ஒரு கிலோமீட்டருக்குப் பத்து டெசிபல் அளவில் இழக்கும். உங்கள் கம்பம் 150 மீட்டரில் இருந்தால் அதில் ஒன்றரைதான் உங்கள் பங்கு. அதற்கெல்லாம் இணைப்பு அறுந்து போகாது. மழையில் அறுந்தால், நனைந்த மரம் நடுவில் இருக்கிறதா என்றும் பெட்டியின் முகத்தில் நீர்ப்படலம் நிற்கிறதா என்றும் பாருங்கள். மழை நின்ற உடனே சரியாகாமல் இலை காய்ந்த பிறகு சரியாவது மரத்தின் அடையாளம். மிட்பேண்ட் மழையில் நின்றால் விழுகிற மழைத்துளி காரணமாக இருக்க வாய்ப்பு இல்லை. கம்பி இணைப்பு எங்கேயாவது நனைகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: அமெரிக்கப் போனைச் சென்னைக்குக் கொண்டுபோனால் ஏழு இலக்கம் வருவதே இல்லை

போன் சரியாகத்தான் இருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில் முடிந்த இந்திய ஏலத்தில் 3.3 கிகாஹெர்ட்ஸ் அலையும் 26 கிகாஹெர்ட்ஸ் மில்லிமீட்டர் அலையும் விற்கப்பட்டன. ஆனால் போனுக்கு வருகிற 5ஜி பெரும்பாலும் `n78` மிட்பேண்டும், சில இணைப்புகளில் 700 மெகாஹெர்ட்ஸ் `n28`-ம்தான். ஐபோனில் மில்லிமீட்டர் அலை அமெரிக்க மாடல்களுக்கு மட்டும் உண்டு என்பதற்காக ஊரில் உள்ளவர்களுக்கு அதைத் தேடி வாங்கிக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போதைக்கு அந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம்.

ஊரில் கண்ணாடியும் சுவரும் இடம் மாறிவிடுகின்றன. போன வருஷம் தாம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா கூடத்தின் நடுவில், காற்றாடிக்கு நேர்கீழே நாற்காலி போட்டுத்தான் வீடியோ கால் பேசுவார். "உன் மூஞ்சி எப்பவும் கட்டம் கட்டமாத்தான்டா வருது" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்வார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், `n78`, மைனஸ் 113. டவர் இருக்கிற பக்கத்துக்கும் கூடத்துக்கும் நடுவில் இரண்டு ஒன்பது அங்குலச் சுவர்கள். அவற்றுக்கு அப்பால் அம்மாவின் படுக்கையறை ஜன்னல், பூச்சு எதுவும் இல்லாத சாதாரண ஒற்றைக் கண்ணாடி. கண்ணாடியைச் சாத்தி வைத்தே பார்த்தேன், மைனஸ் 88. திறந்தபோது மைனஸ் 85. சிகாகோவில் எதிரியாக இருக்கிற கண்ணாடி, இங்கே 3 டெசிபல்தான் எடுத்துக்கொண்டது.

நாற்காலியைத் தூக்கி அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டேன். காற்றாடி அங்கே இல்லை என்று அம்மாவுக்குக் குறை, அதனால் ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வைத்துவிட்டு வந்தேன்.